மதுரையில் 18 லட்சம் எங்கே போனது? காலாண்டு விற்பனையும் பிவட் டேபிளும்

காலாண்டு முடிந்ததும் விற்பனை மேனேஜர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்த மண்டலம் ஏறியிருக்கிறது, எந்த மண்டலம் இறங்கியிருக்கிறது, அதற்கு எந்தப் பொருள் காரணம்? பதில் பில் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் சில ஆயிரம் வரிகள் நீளம். அதைப் படித்துப் பதில் சொல்ல யாராலும் முடியாது. அத்தனை வரிகளையும் நாம் கேட்கும் தலைப்புகளின்படி கூட்டி, ஒரு சிறிய அட்டவணையாக்கித் தருவதுதான் எக்ஸெலில் உள்ள பிவட் டேபிளின் வேலை. அதைச் செய்யும் பொத்தான்களைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். வரும் எண் சரிதானா, அந்த எண் மேனேஜரின் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் கவனம் தேவை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

விளக்க வசதியாக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். வெட் கிரைண்டர், மிக்ஸி, காஸ் அடுப்பு மூன்றையும் டீலர்கள் வழியாக விற்கும் ஒரு கம்பெனி. சென்னை, கோவை, மதுரை, திருச்சி என நான்கு மண்டலங்கள். 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான விற்பனையை முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதங்களோடு ஒப்பிட்டுத் தரவேண்டும். கம்பெனியும் அதன் எண்களும் நான் இட்டுக்கட்டியவை. ஆனால் அவற்றில் வரும் சிக்கல்கள் எல்லாம் நிஜமாகவே விற்பனைக் கணக்குகளில் வருபவை.

பட்டியல் எப்படி இருக்கவேண்டும்

பிவட் டேபிளுக்கு வேண்டியது ஒரே நீளமான பட்டியல். மேலே ஒரே ஒரு தலைப்பு வரி, அதற்குக் கீழே ஒவ்வொரு பில்லின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. நம் கணக்கில் தலைப்புகள் `Date`, `Dealer`, `Region`, `Product`, `Qty`, `Amount` என்று ஆறு. கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த கோப்பில் மேலே கம்பெனி பெயரும் முகவரியும், நடுவில் மாத மொத்தங்களும், கடைசியில் கூட்டுத்தொகையும் இருக்கும். அவற்றை நீக்கிவிட வேண்டும். மாத மொத்த வரி ஒன்று உள்ளே இருந்துவிட்டால், அந்த மாத விற்பனை இரண்டு முறை கூடிவிடும்.

`Amount` என்பதில் எந்தத் தொகை இருக்கிறது என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஜிஎஸ்டி சேர்ந்த பில் தொகையை எடுத்தால், வரி விகிதம் வேறுபடும் பொருள்களுக்கிடையே ஒப்பீடு கோணலாகிவிடும். வரியோடு கூட்டினால் அதிக வரி உள்ள பொருள் தன் உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தெரியும். வரிக்கு முந்தைய மதிப்பை எடுப்பதே சரி. திரும்பி வந்த சரக்குக்குப் போட்ட கிரெடிட் நோட்டுகள் பெரும்பாலும் வேறொரு பதிவேட்டில் இருக்கும். அவற்றையும் இதே பட்டியலின் கீழே, `Qty`, `Amount` இரண்டும் மைனஸ் எண்ணாக, சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டீலருக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்கிய சரக்கெல்லாம் விற்பனை என்று நிற்கும்.

பட்டியலுக்குள் எங்காவது கிளிக் செய்து `Ctrl+T` அழுத்தினால் அது எக்ஸெலின் ‘டேபிள்’ ஆகிவிடும். அடுத்த மாதம் கீழே புது வரிகளைச் சேர்க்கும்போது டேபிளும் தானே நீளும். பிவட் அவற்றையும் எடுத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் `A1:F3200` என்று எல்லை கொடுத்துவிட்டால், 3201-ஆவது வரியிலிருந்து சேர்ந்த பில்கள் எதுவும் கணக்கில் வராது. எக்ஸெல் எச்சரிக்கவும் செய்யாது.

தேதி செய்யும் வேலை

எல்லாப் பிழைகளிலும் எனக்கு அதிகக் கவலை தருவது தேதிதான். மற்றப் பிழைகள் கண்ணில் படும். இது சரியான எண் போலவே வந்து உட்கார்ந்துவிடும்.

நாம் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதுகிறோம். கம்ப்யூட்டரின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது மாதம், நாள், ஆண்டு என்று படிக்கும். சிஎஸ்வி கோப்பு ஒன்றை அந்தக் கம்ப்யூட்டரில் இரட்டைக் கிளிக் செய்து திறக்கிறீர்கள். அதில் 05/10/2025 என்று இருக்கும் அக்டோபர் 5-ஆம் தேதி பில், மே மாதம் 10-ஆம் தேதிக்குப் போய்விடும். 18/10/2025 என்பதில் 18-ஆவது மாதம் என்று ஒன்று இல்லை. எனவே எக்ஸெல் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். ஆக ஒரே பட்டியலில் பாதித் தேதிகள் மாறிப்போயிருக்கும், மீதி தேதியே அல்லாமல் இருக்கும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். தேதி நெடுவரிசையில் நாம் எந்த அலைன்மென்டும் கொடுக்காதபோது உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும்; எழுத்தாக இருப்பது இடப்பக்கம் நிற்கும். ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்து தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டுமே எடுத்த கோப்பின் தேதி ஃபில்டரைத் திறந்தால், அதில் ஜனவரியும் ஜூனும் தெரியும். அந்த மாதங்களில் 10, 11, 12 ஆகிய தேதிகளில் மட்டும் பில் இருக்கும். நம் மூன்று மாதங்களின் எண்கள்தான் அங்கே நாளாகிப் போயிருக்கின்றன.

மாறிப்போன தேதிகளைத் திறந்த கோப்பிலேயே திருத்த முயலவேண்டாம். எது மாறியது, எது மாறாதது என்று பிரித்துத் திருத்துவதில் எளிதில் தவறு நேரும். அந்தக் கோப்பை மூடிவிட்டு, புதிய எக்ஸெல் கோப்பில் `Data` > `Get Data` > `From File` > `From Text/CSV` வழியாக மூலக் கோப்பைத் தேர்ந்தெடுத்து `Transform Data` கொடுங்கள். வலப்பக்கம் தெரியும் படிகளில் `Changed Type` என்று எக்ஸெல் தானாகப் போட்ட படி ஒன்று இருக்கும். அதை நீக்கிவிட்டு, தேதி நெடுவரிசையின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து `Change Type` > `Using Locale` என்பதில் `Date`, `English (India)` இரண்டையும் தேர்ந்தெடுத்தால் எல்லாத் தேதிகளும் ஒழுங்காக வரும். தானாகப் போட்ட படியை நீக்காமல் விட்டால், ஏற்கெனவே மாறிய தேதியின்மேல்தான் நீங்கள் வேலை செய்வீர்கள், பயன் இருக்காது. மற்ற நெடுவரிசைகளில் `Qty`, `Amount` இரண்டையும் எண்ணாக மாற்றிக்கொள்ளவும் மறக்கவேண்டாம். தாளில் ஏற்றியபின் `Table Design`-ல் `Unlink` கொடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் பிறகு `Refresh All` கொடுக்கும்போது நீங்கள் கையால் சேர்த்த வரிகள் அழிந்துவிடும்.

நம் காலாண்டு எக்ஸெலின் காலாண்டு அல்ல

பிவட் டேபிளில் தேதியைப் போட்டு `Group` கொடுத்தால் `Quarters` என்று ஒரு வாய்ப்பு வரும். நிறையப் பேர் அதையே அமுக்கிவிடுகிறார்கள். எக்ஸெலுக்கு முதல் காலாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. நமக்கு மூன்றாம் காலாண்டான அக்டோபர்–டிசம்பரை அது `Qtr4` என்று காட்டும். மாதங்களின் தொகுப்பு அதேதான், பெயர்தான் வேறு என்று விட்டுவிட முடியாது. ஜனவரி–மார்ச் மாதங்கள் அடுத்த ஆண்டின் கணக்கில் போய் விழும். ஆண்டு மொத்தமே தப்பாகிவிடும்.

அதனால் மூலப் பட்டியலிலேயே இரண்டு நெடுவரிசைகள் சேர்த்துக்கொள்வோம். ஒன்றின் தலைப்பு `Quarter`:

```
="Q"&INT(MOD(MONTH([@Date])-4,12)/3)+1
```

மாத எண்ணிலிருந்து 4-ஐக் கழிப்பதால் ஏப்ரல் பூஜ்யமாகிறது. ஜனவரி மைனஸ் 3 ஆகும்; `MOD` அதை 9 ஆக்கிவிடும். மூன்றால் வகுத்து முழு எண்ணை எடுத்து ஒன்றைக் கூட்டினால் ஏப்ரலுக்கு `Q1`, அக்டோபருக்கு `Q3`, ஜனவரிக்கு `Q4`. மற்றொன்று `FY`, நிதியாண்டுக்கு:

```
=YEAR([@Date])-(MONTH([@Date])<4)&"-"&RIGHT(YEAR([@Date])+(MONTH([@Date])>3),2)
```

2025 மார்ச் பில்லுக்கு இது `2024-25` என்றும், 2025 ஏப்ரல் பில்லுக்கு `2025-26` என்றும் தரும். தேதி எழுத்தாக இருக்கும் வரிகளில் இந்தச் சூத்திரங்கள் பெரும்பாலும் `#VALUE!` என்று காட்டிக்கொடுத்துவிடும். அதுவும் ஒரு நல்ல சோதனை.

மூன்றாவதாக `Lakhs` என்று ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்:

```
=[@Amount]/100000
```

ஆயிரத்தையும் மில்லியனையும் சுருக்கிக் காட்ட எக்ஸெலின் எண் அமைப்பில் எளிய வழி இருக்கிறது, லட்சத்துக்கு இல்லை. மேனேஜர் லட்சத்தில்தான் பேசுவார். ஏழு எட்டு இலக்கங்களை வரிசையாக அடுக்கி அவரை எண்ண வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

முதல் அட்டவணை

டேபிளுக்குள் கிளிக் செய்து `Insert` > `PivotTable` கொடுத்து, புதிய தாளில் வைக்கச் சொல்லுங்கள். வலப்பக்கத்தில் தலைப்புகளின் பட்டியலும், அதன் கீழ் `Filters`, `Columns`, `Rows`, `Values` என்று நான்கு பெட்டிகளும் வரும். எது எந்தப் பெட்டிக்குப் போகவேண்டும் என்பதைக் கேள்வியே சொல்லிவிடும். ‘எந்த மண்டலம்’ என்பதுதான் முதல் கேள்வி என்பதால் `Region` போவது `Rows`-க்கு. ஒப்பிட வேண்டியது இரண்டு ஆண்டுகளை. ஆகவே `FY` போவது `Columns`-க்கு. ஒரு காலாண்டு மட்டும் போதும். `Quarter`-ஐ `Filters`-ல் வைத்து `Q3` தேர்ந்தெடுங்கள். கூட்ட வேண்டியது `Lakhs`, அது `Values`-க்கு.

`Values` பெட்டியில் `Sum of Lakhs` என்று வரவேண்டும். `Count of` என்று வந்தால் அந்த நெடுவரிசையில் எங்கோ எண் அல்லாத மதிப்பு இருக்கிறது என்று அர்த்தம். எக்ஸெல் தொகையைக் கூட்டாமல் வரிகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. அதை `Sum` என்று மாற்றிவிட்டு மட்டும் போய்விடாதீர்கள். எண்ணாக இல்லாத தொகை கூட்டலைக் கெடுத்துவிடும். அந்த வரியைத் தேடித் திருத்துவதே சரி.

இதே கட்டத்தில் மண்டலப் பெயர்களையும் ஒருமுறை பாருங்கள். நான்கு மண்டலம் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து வரி வந்தால், யாரோ ஒருவர் கோவை என்பதை `Coimbatore` என்றும் வேறொருவர் `CBE` என்றும் அடித்திருப்பார்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், பெரும்பாலும் ஒன்றின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கும்.

சதவீத மாற்றத்தைக் காட்ட `Lakhs`-ஐ இன்னொரு முறை `Values`-ல் போடுங்கள். அதன்மேல் ரைட் கிளிக் செய்து `Show Values As` > `% Difference From` போய், அடிப்படைத் தலைப்பாக `FY`-யும் அடிப்படை உருப்படியாக `2024-25`-உம் தேர்ந்தெடுங்கள். வலக்கோடியில் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து ஒரு மொத்தம் வரும். ஒரு காலாண்டையும் அதன் முந்தைய ஆண்டுக் காலாண்டையும் கூட்டி வரும் எண் யாருக்கும் உதவாது. `Design` > `Grand Totals` > `On for Columns Only` கொடுத்தால் அது போய்விடும். கீழ் மொத்தம் மட்டும் நிற்கும். இப்போது நம் கையில் இருப்பது இது:

| மண்டலம் | 2024-25 Q3 (லட்சம்) | 2025-26 Q3 (லட்சம்) | மாற்றம் |
|---|---|---|---|
| சென்னை | 142 | 150 | 5.6% |
| கோவை | 118 | 121 | 2.5% |
| மதுரை | 96 | 78 | −18.8% |
| திருச்சி | 64 | 69 | 7.8% |
| மொத்தம் | 420 | 418 | −0.5% |

மொத்தத்தை மட்டும் பார்த்தவருக்கு, விற்பனை போன ஆண்டு மாதிரியே இருக்கிறது என்றுதான் தோன்றும். மூன்று மண்டலங்கள் சேர்ந்து 16 லட்சம் ஏற்றியதை மதுரை ஒன்றே 18 லட்சம் இறக்கி விழுங்கியிருப்பது வரிவாரியாகப் பார்த்தால்தான் தெரிகிறது.

மதுரைக்குள்ளே

இப்போது `Product`-ஐ `Rows` பெட்டியில் `Region`-க்குக் கீழே போடுங்கள். மேலே போட்டால் முதலில் பொருள், அதற்குள் மண்டலம் என்று வரும். அது மிக்ஸிப் பிரிவைக் கவனிக்கும் மேனேஜருக்கு ஏற்றது. நம் கேள்வி மண்டலத்தில் தொடங்குவதால் மண்டலம் மேலே, பொருள் கீழே. மண்டலப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கழித்தல் குறியைத் தட்டி மற்ற மூன்றையும் மூடிவிட்டு மதுரையை மட்டும் திறந்து வைத்தால் போதும். பன்னிரண்டு வரிகளையும் விரித்துக் காட்டினால் பார்க்கவேண்டிய வரி அதில் தொலைந்துவிடும்.

மதுரையில் வெட் கிரைண்டர் 41 லட்சத்திலிருந்து 40. காஸ் அடுப்பு 17, அதே 17. மிக்ஸி 38 லட்சத்திலிருந்து 21. இறங்கிய 18 லட்சத்தில் 17 லட்சம் மிக்ஸியினுடையது.

இந்த இடத்தில் அறிக்கையை எழுதி முடித்துவிட ஆசை வரும். ‘மதுரையில் மிக்ஸி விற்பனை 45 சதவீதம் சரிவு’ என்று ஒரு வரி. எண் சரிதான். ஆனால் ஒரே பொருள், ஒரே மண்டலத்தில், பக்கத்துப் பொருள்கள் அசையாமல் இருக்கும்போது இவ்வளவு விழுந்தால், சந்தை விழுந்தது என்று நம்புவதற்கு முன் பில்களைப் பார்ப்பதுதான் முறை.

அதற்குப் பிவட்டிலேயே வழி இருக்கிறது. 21 என்ற எண் இருக்கும் கட்டத்தை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். அந்த 21 லட்சத்தை உண்டாக்கிய பில் வரிகள் மட்டும் புதிய தாளில் வந்து நிற்கும். அதேபோல 38-ஐயும் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் கணக்கில் 2024 அக்டோபரில் பெரிய பில்கள் போட்ட சில டீலர்கள் 2025 அக்டோபரில் ஏறக்குறைய ஒன்றுமே எடுக்கவில்லை. ஆனால் அவர்கள் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தும் போகவில்லை. நவம்பர், டிசம்பரில் வழக்கம்போல் சிறு பில்கள் இருக்கின்றன. விட்டுப்போன டீலரின் கணக்கு இப்படி இருக்காது. சரக்கை முன்னதாகவே எடுத்துவிட்ட டீலரின் கணக்குதான் இப்படி இருக்கும்.

காலண்டரைப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. 2024-ல் தீபாவளி அக்டோபர் 31. 2025-ல் அக்டோபர் 20. பதினோரு நாள் முன்னதாக வந்திருக்கிறது. பண்டிகைச் சரக்கை டீலர்கள் சில வாரங்களுக்கு முன்பே எடுத்து அடுக்குவார்கள். பண்டிகை முன்னால் நகர்ந்தால், அக்டோபரில் விழவேண்டிய பில்களில் ஒரு பகுதி செப்டம்பரில் விழும். செப்டம்பர் இரண்டாம் காலாண்டு. வாடிக்கையாளர் வீட்டுக்கு மிக்ஸி போன நாளை நம் பட்டியல் சொல்வதில்லை; டீலருக்குப் பில் போட்ட நாளைத்தான் சொல்கிறது.

இதைச் சோதிக்க `Quarter`-ஐ `Filters`-லிருந்து எடுத்து `Columns`-ல் `FY`-க்குக் கீழே போட்டு, `Q2`, `Q3` இரண்டையும் வைத்துக்கொண்டேன். சதவீத நெடுவரிசை இதில் தேவையில்லை என்பதால் அதை எடுத்துவிட்டேன். மதுரை மிக்ஸிக்கு வந்தது இது:

| நிதியாண்டு | Q2 | Q3 | இரண்டும் சேர்த்து |
|---|---|---|---|
| 2024-25 | 19 | 38 | 57 |
| 2025-26 | 31 | 21 | 52 |

இரண்டாம் காலாண்டில் 12 லட்சம் கூடியிருக்கிறது. `Columns`-ல் `Quarter`-க்குக் கீழே `Date`-ஐப் போட்டு, தேதி ஒன்றின்மேல் ரைட் கிளிக் செய்து `Group` > `Months` கொடுத்தால், அந்த 12 லட்சமும் செப்டம்பரில்தான் என்று தெரிகிறது: 2024 செப்டம்பரில் 8 லட்சம், 2025 செப்டம்பரில் 20. மாதமாகத் தொகுக்கும்போது `FY` மேலே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் `Months` மட்டும் கொடுத்தால் இரண்டு ஆண்டுகளின் செப்டம்பரும் ஒரே கட்டத்தில் கூடிவிடும்.

ஆகவே மதுரையில் மிக்ஸி உண்மையில் குறைந்தது 17 லட்சம் அல்ல, 5 லட்சம். இரண்டு காலாண்டையும் சேர்த்தால் சரிவு 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: தீபாவளி எல்லா மண்டலத்துக்கும் பொதுதானே, மதுரையில் மட்டும், மிக்ஸியில் மட்டும் ஏன் இப்படி? அதற்குப் பிவட்டில் பதில் இல்லை. மதுரைக் கிளைக்கு ஒரு போன் போட வேண்டும். செப்டம்பரில் மிக்ஸிக்கு மட்டும் டீலர்களுக்குக் கூடுதல் தள்ளுபடி கொடுத்தோம் என்று அங்கிருந்து ஒருவர் சொன்னால் கதை முழுமையாகிவிடும். யாரைக் கேட்கவேண்டும், எந்த மாதத்தைப் பற்றிக் கேட்கவேண்டும் என்பதுவரை பிவட் கொண்டுவந்து விட்டுவிடும். அதற்கு மேல் உள்ள காரணத்தை எண்களிலிருந்தே ஊகித்து அறிக்கையில் எழுதுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அந்த ஊகத்தை நம்பி ஒரு கிளை மேனேஜரிடம் விளக்கம் கேட்கப்படும்.

மேனேஜருக்கு எழுதவேண்டிய வரிகள் இப்போது இவை: மொத்தம் 418 லட்சம், முந்தைய ஆண்டைவிட 2 லட்சம் குறைவு. மதுரை தவிர மற்ற மூன்றும் ஏறியுள்ளன. மதுரையின் சரிவு ஏறக்குறைய முழுவதும் மிக்ஸி. அதில் 12 லட்சம் செப்டம்பரிலேயே பில்லானது, 5 லட்சம் உண்மைக் குறைவு. இந்த நான்கு தகவலுக்குக் கீழே முதல் அட்டவணையையும் மதுரை மிக்ஸி அட்டவணையையும் வைத்தால் போதும்.

விலையைக் கேட்டால்

அடுத்து அநேகமாக வரும் கேள்வி, அந்தத் தள்ளுபடியில் மிக்ஸி சராசரியாக என்ன விலைக்குப் போனது என்பது. இதில் சறுக்குவது மிகச் சுலபம். மூலப் பட்டியலில் `Rate` என்று ஒரு நெடுவரிசை இருந்தால் அதை `Values`-ல் போட்டு `Average` கொடுக்கத் தோன்றும். ஒரு பில்லில் 100 மிக்ஸி, ஒன்று 2,800 ரூபாய். இன்னொரு பில்லில் 2 மிக்ஸி, ஒன்று 3,400 ரூபாய். `Average` சொல்லும் விடை 3,100. ஏனென்றால் அது இரண்டு வரிகளையும் சம எடையாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் 102 மிக்ஸிக்கு வந்த பணம் 2,86,800 ரூபாய், சராசரி 2,812. தள்ளுபடியில் போன பெரிய பில்கள் எல்லாம் ஒரே ஒரு வரியாகச் சுருங்கிவிடுவதால், `Average` பெரும்பாலும் நிலைமையை நல்லதாகவே காட்டும்.

சரியான வழி `PivotTable Analyze` > `Fields, Items, & Sets` > `Calculated Field`. அதில் சூத்திரம்:

```
=Amount/Qty
```

இது ஒவ்வொரு வரியிலும் வகுத்துவிட்டுக் கூட்டுவதில்லை. முதலில் `Amount` எல்லாவற்றையும் கூட்டி, `Qty` எல்லாவற்றையும் கூட்டி, பிறகு வகுக்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் இதே குணம் பெருக்கலில் எதிராகத் திரும்பும். தொகை இல்லாத பட்டியலில் `=Qty*Rate` என்று ஒரு `Calculated Field` போட்டால், அது 102-ஐயும் விலைகளின் கூட்டுத்தொகையான 6,200-ஐயும் பெருக்கி 6,32,400 என்று சொல்லும். வகுத்தலைப் பிவட்டில் செய்யுங்கள். பெருக்கலை மூலப் பட்டியலில் வரிவரியாகச் செய்துவிட்டுப் பிவட்டைக் கூட்டச் சொல்லுங்கள்.

அனுப்புவதற்கு முன்

மூலப் பட்டியலில் ஒரு பில்லைத் திருத்தினால் சாதாரணச் சூத்திரம் உடனே மாறிவிடும். பெரும்பாலான எக்ஸெல் பதிப்புகளில் பிவட் அப்படித் தானாக மாறாது. அது எடுத்து வைத்துக்கொண்ட பிரதியிலிருந்துதான் கூட்டுகிறது. `Data` > `Refresh All` கொடுத்தால்தான் புதியதை எடுக்கும். அதைக் கொடுத்தபிறகு எல்லா ஃபில்டர்களையும் எடுத்துவிட்டு, பிவட்டின் மொத்தத்தைக் கணக்கு மென்பொருளின் விற்பனைப் பதிவேட்டு மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். கிரெடிட் நோட்டைக் கழித்தபின் இரண்டும் ரூபாய்வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், வித்தியாசத் தொகையை ஒரு மாதத்தின் மொத்தத்தோடு வைத்துப் பாருங்கள். அதற்குச் சமமாக இருந்தால் பெரும்பாலும் மாத மொத்த வரி உள்ளே இருக்கிறது. கிரெடிட் நோட்டின் இருமடங்காக இருந்தால் மைனஸ் குறி விட்டுப்போயிருக்கிறது.

கடைசியாக, கோப்பை எப்படி அனுப்புகிறோம் என்பது. மேலே சொன்ன பிரதி கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. மூலப் பட்டியல் இருக்கும் தாளை நீக்கிவிட்டு அனுப்பினாலும், பெறுகிறவர் பிவட்டின் மொத்த எண்ணை இரட்டைக் கிளிக் செய்தால் ஒவ்வொரு டீலருக்கும் எந்த விலைக்குக் கொடுத்தீர்கள் என்பது உட்பட எல்லா வரிகளும் அவர் திரையில் திறந்துவிடும். மேனேஜர் பார்ப்பதில் தவறில்லை. அவர் அதை அப்படியே நான்கு கிளைகளுக்கும் அனுப்பினால், அங்கிருந்து அது ஒரு டீலரின் வாட்ஸ்அப்புக்குப் போனால், அடுத்த நாள் எல்லா டீலரும் மதுரைத் தள்ளுபடியைக் கேட்பார்கள். அதனால் அனுப்பவேண்டிய அட்டவணையைத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து, புதிய கோப்பு ஒன்றில் `Paste Special` > `Values` என்று ஒட்டி, அந்தக் கோப்பையோ அதன் பிடிஎஃப்பையோ அனுப்புங்கள். பிவட் இருக்கும் கோப்பு உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். அடுத்த காலாண்டுக்குப் புதிய பில்களை அதன் மூலப் பட்டியலின் கீழே சேர்த்து `Refresh All` கொடுத்து, ஃபில்டரை `Q4` என்று மாற்றினால் வேலை தொடங்கிவிடும்.